கறுப்பு ஜாக்கெட், நீல ஜீன்ஸ், பச்சை குத்திய கை: ராக் இசையின் சீருடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராக் பாடகர்கள் எல்லாரும் ஏன் கறுப்பு லெதர் ஜாக்கெட்டில் திரிகிறார்கள்? எந்தப் பாடகர் இதை ஆரம்பித்துவைத்தார்?

எந்தப் பாடகரும் இல்லை. ராக் அண்ட் ரோல் பிறந்த காலத்துப் படங்களைப் பார்த்தாலே இது விளங்கும். பில் ஹேலியும் அவர் குழுவினரும் கல்யாண வீட்டு வாத்தியக்காரர்கள் போலக் கட்டம் போட்ட கோட்டும் வில் டையுமாக நிற்பார்கள். சக் பெரி சூட் அணிந்திருப்பார். லிட்டில் ரிச்சர்டின் சூட் இன்னும் இரண்டு அளவு பெரியது. எல்விஸ் பிரஸ்லி மெம்ஃபிஸ் நகரின் லான்ஸ்கி கடையில் பளபளக்கும் கோட்டுகளைத் தேடித் தேடி வாங்கியவர். ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு ஜீன்ஸ் என்பது கூலி வேலைக்குப் போகிறவர்களின் உடை. அதிலிருந்து தப்பிக்கத்தான் அவர் பாட வந்தார்.

லெதர் ஜாக்கெட் வேறு வழியாக வந்தது. 1947இல் ஒரு பத்திரிகைப் புகைப்படம், அதன் பரபரப்பை ஒட்டி ஒரு சிறுகதை, அந்தக் கதையிலிருந்து ஒரு திரைப்படம், பிறகு அந்தப் படத்தின் விளம்பர ஸ்டில்கள். அந்த ஸ்டில்களைப் பார்த்த பிரிட்டிஷ் இளைஞர்களும், அவர்களைக் கவனித்த ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பாளரும் சேர்ந்துதான் ஜாக்கெட்டை மேடையேற்றினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வேலை செய்தது அசையாத படம் என்பது என் கட்சி. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதையே பின்தொடர்கின்றன.

அந்த 1947 புகைப்படத்தில் அப்படி என்ன இருந்தது?

கலிஃபோர்னியாவில் ஹாலிஸ்டர் என்று ஒரு சிறிய ஊர். அப்போதைய மக்கள்தொகை சுமார் 4,500. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தின் ஆதரவில் அங்கே சுதந்திர தின விடுமுறையை ஒட்டிப் பந்தயங்கள் நடப்பது வழக்கம். போர் முடிந்து நடந்த 1947 பந்தயத்துக்கு ஏறத்தாழ ஊர் ஜனத்தொகைக்குச் சமமான கூட்டம் வந்து இறங்கியது. வந்தவர்களில் போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் பலர். குடித்தார்கள், தெருவில் வண்டிப் பந்தயம் விட்டார்கள், மதுக்கடைக்குள்ளேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஏழு பேர் கொண்ட ஊர்க் காவல்துறை திணறிப்போனது. ஆனால் வழக்குகளைப் பார்த்தால் பெரும்பாலும் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தது, தாறுமாறாக வண்டி ஓட்டியது போன்றவைதான். ஊர் எரியவில்லை, யாரும் சாகவில்லை.

அந்த மாதம் 21ஆம் தேதியிட்ட ‘லைஃப்’ இதழ் ஒரு முழுப்பக்கப் படம் போட்டது. பருத்த ஓர் ஆள் மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். இரண்டு கைகளிலும் பாட்டில்கள். சக்கரத்தடியில் உடைந்ததும் உடையாததுமாக பீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கின்றன. புகைப்படக்காரர்களே பாட்டில்களைப் பொறுக்கிவந்து வண்டியடியில் அடுக்கி, ஓர் ஆளைப் பிடித்து உட்காரவைத்தார்கள் என்று, அதே படத்தின் பின்னணியில் நிற்கும் உள்ளூர்க்காரர் பின்னாளில் சொன்னார். அந்த அடுக்கைப் பார்க்கும்போது அவர் சொன்னதை நம்பத்தான் தோன்றுகிறது. ஓடும் வண்டிகளுக்கு நடுவே பாட்டில்கள் அவ்வளவு கச்சிதமாக வந்து சேராது.

ஆக, நாடு தழுவிய ‘பைக் ரவுடி’ பிம்பத்துக்கு முதல் படமே ஜோடித்த படமாக இருக்கக்கூடும். அந்தச் சம்பவத்தை வைத்து ஃபிராங்க் ரூனி எழுதிய சிறுகதை 1951இல் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் மார்லன் பிராண்டோ நடித்த ‘தி வைல்ட் ஒன்’.

பிராண்டோ படம் வந்ததும் ராக் ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களா?

படம் வெளியானது 1953இன் கடைசி நாட்களில். எல்விஸின் முதல் இசைத்தட்டே 1954இல்தான் வருகிறது. ‘தி வைல்ட் ஒன்’ படத்தில் ராக் இசையே கிடையாது. ஜூக்பாக்ஸில் காசு போட்டால் ஜாஸ்தான் ஒலிக்கிறது. பையன்கள் பேசும் கொச்சையும் ஜாஸ் ரசிகர்களின் கொச்சைதான். இன்று அந்தப் படத்தை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் கொஞ்சம் ஏமாந்துபோவார்கள். வேகம் குறைவு, உபதேசம் அதிகம்.

உடை மட்டும் கச்சிதம். கறுப்பு லெதர் ஜாக்கெட்டின் முதுகில் மண்டையோடும், குறுக்காக வைத்த இரண்டு பிஸ்டன்களும், கும்பலின் பெயரைக் குறிக்கும் பி.ஆர்.எம்.சி. என்ற நான்கு எழுத்துகளும். கீழே மடித்துவிட்ட ஜீன்ஸ், கனமான பூட்ஸ். ஒரு பக்கம் சாய்த்து வைத்த தொப்பி. ஓட்டியது பிராண்டோவின் சொந்த வண்டியான டிரையம்ஃப் தண்டர்பேர்ட். அதில் கையூன்றி அவர் சாய்ந்து நிற்கும் ஸ்டில்லைத்தான் உலகம் எடுத்துக்கொண்டது. பார்வை கேமராவைத் தாண்டி எங்கோ போகிறது. அடுத்த எழுபது ஆண்டுகளுக்கு ராக் குழுக்கள் ஆல்பம் அட்டைக்கு நிற்கும் நிலை அதுவேதான்.

நிஜ பைக் கும்பல்களும் படத்தைப் பார்த்து உடுத்தத் தொடங்கின. ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கும்பலின் சான் பிரான்சிஸ்கோ கிளைத் தலைவராக இருந்த ஃபிராங்க் சாடிலெக், படத்தில் லீ மார்வின் போட்டிருந்த கோடு போட்ட சட்டையையே தேடி வாங்கி அணிந்துகொண்டார். அவர்கள் ரசித்தது நாயகன் பிராண்டோவைவிட வில்லத்தனமான மார்வினை.

அந்த ஜாக்கெட்டின் ஜிப் ஏன் கோணலாக இருக்கிறது? வெறும் ஸ்டைலா?

ஸ்டைலுக்கு முன்பே வேலைக்கென்று வெட்டிய உடுப்பு அது. நியூயார்க்கின் ஷாட் சகோதரர்கள் நிறுவனம் 1928இல் ‘பெர்ஃபெக்டோ’ என்ற பெயரில் ஒரு மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தது. விலை ஐந்தரை டாலர். பெர்ஃபெக்டோ என்பது முதலாளி இர்விங் ஷாட்டுக்குப் பிடித்த சுருட்டின் பெயர்.

வண்டியில் முன்னோக்கிக் குனியும்போது நடு மார்பில் நேராக ஓடும் ஜிப் மடங்கிப் புடைத்து வயிற்றிலும் தாடையிலும் குத்தும். கோணலாக ஓடினால் அந்தத் தொல்லை குறைகிறது. கோணல் ஜிப்பினால் ஒரு பக்கத் தோல் மறுபக்கத்தின்மேல் அகலமாகப் படிகிறது. எதிர்காற்று ஜிப்பின் பற்களுக்கு இடையே புகுந்து மார்பைத் தாக்குவதில்லை. காலரின் நுனிகளில் பட்டன் இருப்பது காற்றில் அவை முகத்தில் அடிக்காமல் இருக்க. கைமுனை ஜிப் கையுறைக்குமேல் இறுக்கிக்கொள்ள. முதுகில் தோளருகே உள்ள மடிப்பு, கைப்பிடியை எட்டிப் பிடிக்கும்போது விரிந்துகொடுக்க.

கடையில் இருப்பது ஓட்டுவதற்கானதா, உலாவுவதற்கானதா என்று கண்டுபிடிக்க அந்த மடிப்பைத் தேடுங்கள். கைகளை முன்னே நீட்டியதும் முதுகு இறுகினால் அது உலாவும் ஜாக்கெட். தோலின் கனமும் காட்டிக்கொடுக்கும். ஓட்டுவதற்கானது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். புதிதில் அட்டை போல விறைத்து நிற்கும். பழைய ஜாக்கெட்டுகளைக் குதிரைத் தோலில் தைத்தார்கள். ஃபேஷன் கடைகளின் ஆட்டுத்தோல் பட்டுப் போல விழும், தார்ச்சாலையில் ஒருமுறை உரசினால் கிழிந்துவிடும்.

பிரிட்டனில் அந்தப் படத்தையே தடை செய்திருந்தார்களே, அங்கே எப்படி இந்த உடை பரவியது?

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த முரண் இது. பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் 1954இல் சான்றிதழ் மறுத்தது. 1967இல்தான் வயது வந்தவர்களுக்கான சான்றிதழ் கிடைத்தது. இடையில் உள்ளூர் அனுமதியோடு அபூர்வமாக நடந்த காட்சிகளைத் தவிர, பிரிட்டிஷ் இளைஞர்களில் பெரும்பாலோர் படத்தைப் பார்த்ததில்லை. பத்திரிகைகளிலும் சுவர்களிலும் ஸ்டில்களைத்தான் பார்த்தார்கள். ஊர்க்காரர்களிடம் கும்பல் தலைவன் அடிபடும் காட்சிகளும் கடைசியில் வரும் உபதேசமும் அவர்களை எட்டவே இல்லை. உடையும் நிற்கும் தோரணையும் மட்டும் எட்டின. தணிக்கையாளர்கள் படத்தைத் தடுத்து, அதில் ஆபத்தான பகுதியை மட்டும் உள்ளே விட்டுவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும்.

அமெரிக்காவில் தனித்தனியாகக் கிடந்த வண்டியும் இசையும் பிரிட்டனில்தான் ஒரே அறைக்குள் வந்தன. அந்த அறை நெடுஞ்சாலை ஓரத்து லாரி ஓட்டுநர் காபிக் கடை. பிபிசி வானொலி ராக் அண்ட் ரோலை அதிகம் ஒலிபரப்பாத காலம். பாட்டுக் கேட்கவேண்டும் என்றால் ஜூக்பாக்ஸ் உள்ள இடத்துக்குப் போகவேண்டும். லண்டனின் வடக்கு வட்டச் சாலையில் உள்ள ஏஸ் கஃபே போன்ற இடங்களில் இரவு முழுக்கக் கடை திறந்திருந்தது. வெளியே நிறுத்திவைக்க இடம், முன்னால் நல்ல சாலை. மணிக்கு நூறு மைல் வேகத்தைத் தொடுவதுதான் அங்கு வரும் பையன்களின் லட்சியம். குளிரும் மழையும் உள்ள நாட்டில் அந்த வேகத்துக்கு லெதர் ஜாக்கெட் அலங்காரம் ஆகாது, அவசியம்.

பின்னால் அவர்களுக்கே ராக்கர்கள் என்று பெயர் வந்தது. 1964இல் கடற்கரை ஊர்களில் அவர்களும், சூட் அணிந்து ஸ்கூட்டர் ஓட்டிய மாட்களும் அடித்துக்கொண்டபோது பத்திரிகைகள் ஹாலிஸ்டரைப் போலவே ஊதிப் பெரிதாக்கின.

மேடையில் முதலில் கறுப்பு லெதரில் நின்ற ராக் பாடகர் யார்?

‘முதல்’ என்று யாரையும் கைகாட்ட நான் தயங்குவேன். ஆனால் அந்தத் தோற்றத்தை நிலைநிறுத்தியவர் ஜீன் வின்சென்ட். அவருக்கு அதை உடுத்திவிட்டவர் ஜாக் குட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

வின்சென்ட் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். 1955இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இடது கால் நொறுங்கியது. வெட்டி எடுக்கச் சம்மதிக்காமல், உலோகப் பிணைப்புக் கட்டிக்கொண்டு வாழ்நாள் முழுக்க நொண்டியபடி நடந்தார். 1956இல் ஒரே பாட்டில் உச்சிக்குப் போய், பிறகு அமெரிக்காவில் சரிந்துகொண்டிருந்தார். 1959 டிசம்பரில் பிரிட்டனுக்கு வந்தார். அங்கே தொலைக்காட்சியில் இளைஞர்களுக்கான இசை நிகழ்ச்சிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தவர் ஜாக் குட். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், நாடக மேடையில் தோய்ந்தவர். வின்சென்டின் குரலைக் கேட்டு ஒரு முரட்டு ஆளை எதிர்பார்த்திருந்தார். விமானத்திலிருந்து இறங்கியவரோ மெலிந்த, பணிவான, எல்லாரையும் ‘சார்’ போட்டுப் பேசும் தென் மாநிலத்து ஆள்.

குட் விடவில்லை. தலை முதல் கால் வரை கறுப்பு லெதர், கழுத்தில் ஒரு பதக்கம். ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் தன் மனதில் இருந்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்; அந்த ராஜாவும் நொண்டுபவன்தான். அரங்கில் படிக்கட்டுகளை அமைத்து, நொண்டுவது நன்றாகத் தெரியும்படி இறங்கிவரச் செய்தார். வின்சென்ட் காலை மறைத்துக் கவனமாக இறங்க முயன்றபோது, நொண்டு, நன்றாக நொண்டு என்று குட் ஓரத்தில் நின்று கத்திய கதை மிகவும் பிரசித்தம்.

யோசித்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் அடிபட்டதால் வந்த ஊனம் நிஜம். மோட்டார் சைக்கிள் உடை வேஷம். இரண்டையும் சேர்த்துத் தைத்தவர் ஒரு நாடகக்காரர். நிஜமும் வேஷமும் இப்படிக் கலந்ததால்தான் பார்த்தவர்கள் நம்பினார்கள். வின்சென்டும் பிறகு அதே உடையில்தான் மேடையேறினார்.

பீட்டில்ஸ் நல்ல பிள்ளைகள் போல கோட்டு அணிந்தவர்கள்தானே?

1962 வரை இல்லை. 1960 ஆகஸ்டில் ஹாம்பர்க் போனார்கள். துறைமுகத்தை ஒட்டிய சிவப்பு விளக்குப் பகுதியில் இரவெல்லாம் வாசிப்பு. அங்கே லெதர் ஜாக்கெட் வாங்கினார்கள், அடுத்த ஆண்டு கால்சட்டையும் லெதருக்கு மாறியது. ஆஸ்ட்ரிட் கிர்ஷர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் அந்தப் பீட்டில்ஸைப் பார்க்கலாம். 1961 நவம்பரில் லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் பிரையன் எப்ஸ்டீன் முதலில் பார்த்ததும் அந்தக் குழுவைத்தான். அவர் மேலாளரானதும் 1962 மார்ச்சுக்குள் சூட் தைத்துப் போட்டுவிட்டார். லெதரோடு நின்றால் பெரிய அரங்குகளும் பிபிசியும் கதவைத் திறக்காது என்ற கணக்கு. அது சரியான கணக்கும்கூட.

எல்விஸின் பயணம் இதற்கு நேர் எதிர்த்திசை. பத்தாண்டுகள் சினிமாவில் மழுங்கிப்போன பிறகு, 1968 டிசம்பரில் என்பிசி ஒளிபரப்பிய நிகழ்ச்சியில் முழுக் கறுப்பு லெதரில் வந்தார். வடிவமைத்தவர் பில் பெலூ. சாதாரண ஜீன்ஸ் ஜாக்கெட், ஜீன்ஸின் வெட்டையே எடுத்துக்கொண்டு துணிக்குப் பதில் லெதரில் தைத்தார். தான் போட்டுப் பழகாத இளமையை எல்விஸ் முப்பத்துமூன்று வயதில் போட்டுக்கொண்டார்.

ஜீன்ஸில் என்ன கலகம்? எல்லாரும்தானே போடுகிறார்கள்?

1950களில் எல்லாரும் போடவில்லை. சுரங்கம், பண்ணை, ரயில்வே வேலைக்கான உடை அது. லீவை ஸ்ட்ராஸும் தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் பைகளின் மூலையில் செப்பு ரிவெட் அடிக்கும் முறைக்கு 1873இல் காப்புரிமை வாங்கியதே, பை கிழிந்துபோகிறது என்று உழைப்பாளிகள் முறையிட்டதால்தான். பிராண்டோவும் ஜேம்ஸ் டீனும் திரையில் போட்ட பிறகு, அமெரிக்கப் பள்ளிகள் பல ஜீன்ஸைத் தடை செய்தன. லெதர் ஜாக்கெட்டையும் சேர்த்து. பள்ளிக்கூடத் தடையைவிட நல்ல விளம்பரம் அந்த வயதில் வேறு கிடையாது.

ராக் மேடைக்கு டெனிம் பொருந்தியதற்கு அதன் நெசவிலும் ஒரு காரணம் உண்டு. பாவு நூலுக்கு நீலம் தோய்த்திருப்பார்கள், ஊடு நூல் வெள்ளை. அவுரிச் சாயம் நூலின் உள்வரை போகாது, மேலே படிந்து நிற்கும். ஆகவே தேயத் தேய வெளுக்கும், அதுவும் உடம்பு மடங்கும் இடங்களில் மட்டும். முழங்காலில் முதலில் அறுபடுவது வெளியே தெரியும் நீலப் பாவு. உள்ளே கிடைமட்டமாக ஓடும் வெள்ளை ஊடு நூல்கள் சிலகாலம் பிடித்துக்கொண்டு நிற்கும். கிழிந்த ஜீன்ஸில் ஏணிப்படி போலத் தெரிவது அதுதான். புதிதாகவே கிழித்து விற்பதில் அந்த வெளுப்பு உடம்பின் மடிப்போடு ஒத்துவராது. உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்: கிழிசல் முழங்காலுக்கு மேலேயோ கீழேயோ விலகி நிற்கும்.

‘ஈஸி ரைடர்’ இதில் எங்கே வருகிறது?

பைக் படங்களில் ராக் பாட்டு கடைசியில் வந்து சேர்ந்த இடம் அது. ரோஜர் கோர்மன் 1966இல் எடுத்த ‘தி வைல்ட் ஏஞ்சல்ஸ்’ படத்தில் நிஜ ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆட்களையே நடிக்கவைத்தார். அது நன்றாக ஓட, மலிவான பைக் படங்கள் வரிசையாக வந்தன. ‘தி வைல்ட் ஏஞ்சல்ஸ்’ நாயகன் பீட்டர் ஃபோண்டாவே 1969இல் ‘ஈஸி ரைடர்’ படத்தில், முதுகில் அமெரிக்கக் கொடி தைத்த ஜாக்கெட்டுடன் ஓட்டினார். பின்னணியில் ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் பாட்டு. பதினாறு வருடங்களுக்கு முன் ஜாஸ் ஒலித்த இடத்தில் இப்போது எலெக்ட்ரிக் கிட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஆல்டமான்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரியில், மேடைக் காவலுக்கு நின்ற ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆட்களில் ஒருவர் மெரிடித் ஹன்டர் என்ற இளைஞரைக் குத்திக் கொன்றார். உடையை இரவல் வாங்குவதும் உடைக்காரரையே வேலைக்கு வைப்பதும் ஒன்றல்ல.

இன்று நாம் பார்க்கும் ‘சீருடை’ எப்போது உறுதியானது?

ரமோன்ஸ் குழுவோடு, 1976இல். சீருடை என்ற சொல்லை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நான்கு பேரும் ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். நான்கு பேருக்கும் ஒரே மாதிரி கோணல் ஜிப் ஜாக்கெட், டி-ஷர்ட், முழங்கால் கிழிந்த ஜீன்ஸ், கான்வாஸ் ஷூ. இயல்பாக அமைந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1974இல் தொடங்கியபோது அவர்களும் அன்றைய கிளாம் மோகத்தில் ஜிகினாத் துணி போட்டுப் பார்த்தவர்கள்தான். ஜிகினாவைப் பராமரிக்கச் செலவு ஆகும், ஊருக்கு ஊர் ரசிகர்களால் அதைப் போட்டுக்கொள்ளவும் முடியாது. ஜாக்கெட்டும் ஜீன்ஸும் எந்த ஊரிலும் கிடைக்கும்.

முதல் ஆல்பத்துக்கு நிறுவனம் ஏற்பாடு செய்த படங்கள் பிடிக்காமல் போக, ‘பங்க்’ என்ற சிறுபத்திரிகைக்காக ராபர்ட்டா பேய்லி எடுத்திருந்த ஒரு படத்தை 125 டாலருக்கு வாங்கினார்கள். செங்கல் சுவர், முன்னே நான்கு பேர், சிரிப்பு இல்லை. பிராண்டோ ஸ்டில்லிலிருந்து வண்டியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இது. பெரிய மாற்றமும் இதுதான்: இதற்குப் பிறகு ஜாக்கெட் போட வண்டி ஓட்டத் தெரியவேண்டிய அவசியமில்லை.

ஹெவி மெட்டல் குழுக்களின் ஆணி அடித்த லெதரும் இதே வழியில் வந்ததா?

கிளை வழியில். போருக்குப் பிறகு அமெரிக்காவில் தன்பாலீர்ப்பு ஆண்களும் மோட்டார் சைக்கிள் கிளப்புகள் அமைத்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் சேட்டர்ஸ் கிளப் 1954இல் தொடங்கியது. பிராண்டோ தோற்றம் அங்கே ஒரு தனி மரபாகவே வளர்ந்து, அதற்கென்று கடைகளும் வந்தன. பிர்மிங்ஹாம் பகுதியிலிருந்து வந்த ஜூடாஸ் பிரீஸ்ட் குழு 1978 வாக்கில் அங்கியும் பட்டுச் சட்டையும் விட்டு, லெதர், ஆணி, சங்கிலிக்கு மாறியது. பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் ஹார்லி டேவிட்சன் வண்டியிலேயே மேடைக்கு வந்தார். இரைச்சலான இசைக்கு ஏற்ற இரைச்சலான உடை.

ஹால்ஃபோர்ட் தன்பாலீர்ப்பாளர் என்பதை 1998இல்தான் வெளியே சொன்னார். உடைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது அவர் சொல்வது, அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனாலும் அந்த உடையின் வம்சாவளியில் அந்தக் கடைகள் இருக்கின்றன. மிக ‘ஆண்மையான’ உடை என்று மார்தட்டிய ரசிகர்கள் பலருக்கு அது தெரியாது.

பெண்கள்?

1973இல் சூசி குவாட்ரோ ஒற்றைத் துண்டு லெதர் உடையில் பேஸ் கிட்டாரோடு நின்றபோது கதவு திறந்தது. அவருக்கு முன்மாதிரி 1968 எல்விஸ். ராக் பாடகி ஜோன் ஜெட் குவாட்ரோவைப் பார்த்து வளர்ந்தவர். அதற்கு முன் பைக் படங்களில் பெண்ணுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பின் இருக்கைதான்.

பச்சை குத்துவதும் பைக் படங்களிலிருந்து வந்ததா?

நேரடியாக இல்லை, அதனால்தான் மூன்றில் அது கடைசியாக வந்து சேர்ந்தது. ‘தி வைல்ட் ஒன்’ படத்து பிராண்டோவின் தோற்றத்தில் பச்சைக்கு இடமில்லை. 1950களின் ராக் பாடகர்களின் கைகளும் வெறுமையாகவே இருந்தன. பச்சை அன்று மாலுமிகள், படைவீரர்கள், சிறைவாசிகள், பிறகு பைக் கும்பல்கள் ஆகியோரின் அடையாளம். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மறுநாள் வங்கி வேலைக்குப் போகலாம். பச்சையோடு போக முடியாது. கழற்ற முடியாததை ஏற்க இசைக்காரர்களுக்கு இருபது ஆண்டுகள் கூடுதலாகத் தேவைப்பட்டன.

சட்டமும் குறுக்கே நின்றது. மஞ்சள் காமாலை பரவுகிறது என்று நியூயார்க் நகரம் 1961இல் பச்சை குத்துவதைத் தடை செய்தது. தடை 1997இல்தான் நீங்கியது. ஆக, ரமோன்ஸ் தலையெடுத்த நகரத்தில் சட்டப்படி நடக்கும் பச்சைக் கடையே இல்லை. கலிஃபோர்னியாவில் அந்தச் சிக்கல் இல்லை. 1970இல் சான் பிரான்சிஸ்கோவில் லைல் டட்டில் என்ற கலைஞர் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினின் மணிக்கட்டில் வளையல் போன்ற ஒரு வேலைப்பாட்டையும், மார்பில் ஒரு சிறிய இதயத்தையும் குத்தினார். அந்த அக்டோபரில் ஜாப்ளின் இறந்ததும், அதே இதயத்தைக் குத்தச் சொல்லி ரசிகைகள் டட்டிலிடம் வந்தார்கள். மாலுமிகளின் கடைக்குள் ராக் ரசிகர்கள் நுழைந்த கணம் என்று அதைச் சொல்லலாம்.

பிரிட்டனில் அது ஏழைத் தெருக்களின் வழியாக வந்தது. மெட்டல் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் விரல் முட்டிகளில் தெரிந்த நான்கு எழுத்துகள் எந்தக் கலைஞரும் குத்தியவை அல்ல. பதின்வயதில் தையல் ஊசியும் பென்சில் கரியும் வைத்துத் தானே குத்திக்கொண்டவை. கோணல்மாணலாக இருந்தன. அவர் பணக்காரரான பிறகும் அவை கையை விட்டுப் போகவில்லை.

சீருடையின் கட்டாய அங்கமாகப் பச்சை மாறியது 1980களில். எம்டிவி 1981இல் தொடங்கியதும், மேடையில் தூரத்தில் தெரியாத முன்கை திரையில் நெருக்கத்தில் தெரிய ஆரம்பித்தது. கை இல்லாத சட்டைகள் வந்தன. 1987இல் கன்ஸ் அண்ட் ரோசஸ் முதல் ஆல்பத்தின் அட்டையில் வந்தது குழுவினரின் முகங்கள் அல்ல, ஐந்து மண்டையோடுகள் பதித்த ஒரு சிலுவை. பச்சைக்காக வரைந்த வடிவம்; ஆக்ஸல் ரோஸின் முன்கையிலும் அதுவே இருக்கிறது. அதற்குள் ஆல்பம் அட்டையில் ஆளே தேவைப்படவில்லை, அவர் தோலில் இருக்கும் படம் போதும் என்றாகிவிட்டது.

ஜாக்கெட்டின்மேல் கை வெட்டிய ஜீன்ஸ் சட்டை, அதில் நிறைய பேட்ச். நானும் தைத்துப் போடலாமா?

தாராளமாக. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு தையுங்கள். பைக் கும்பல்கள் தங்கள் சின்னத்தை வருடம் முழுக்கக் காட்டவேண்டும். குளிரில் ஜாக்கெட், வெயிலில் வெறும் சட்டை. அதனால் எதற்குமேலும் மாட்டக்கூடிய கையில்லாத மேல்சட்டையில் சின்னத்தைத் தைத்தார்கள். லெதரில் ஊசி இறங்குவது சிரமம், டெனிமில் வீட்டிலேயே தைக்கலாம். பிரிட்டிஷ் மெட்டல் ரசிகர்கள் 1980 வாக்கில் இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, கிளப் சின்னத்துக்குப் பதில் குழுக்களின் பெயர்களைத் தைத்தார்கள்.

முதுகின் அமைப்பில்தான் கவனம் வேண்டும். மேலே வளைந்த பட்டையில் ஒரு பெயர், நடுவில் சின்னம், கீழே வளைந்த பட்டையில் ஓர் ஊர் அல்லது மாநிலம் என்று மூன்று தனித்தனித் துண்டுகளாகத் தைத்தால், பைக் கும்பல்கள் உள்ள நாடுகளில் அதற்கு ‘இந்தப் பகுதி எங்களுடையது’ என்று பொருள். அனுமதியின்றி அதைப் போடுபவரிடமிருந்து சட்டையை வலுக்கட்டாயமாகக் கழற்றிக்கொள்வார்கள், அடியும் விழலாம். குழுவின் பெயருள்ள ஒரே பெரிய சதுரத் துண்டை முதுகில் தைத்து, சிறியவற்றைச் சுற்றிலும் இறைத்துவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். கீழ்ப்பட்டை மட்டும் வேண்டாம், ஊர்ப் பெயர் நிச்சயமாக வேண்டாம்.